எண்பது மூட்டையின் வாடகை

மாசம் பிறந்து ஒரே ஒரு நாள் ஆனாலும் முழு மாச வாடகை. குளிர்கிடங்கின் வாசலில் பெரிய எழுத்தில் எழுதிப் போட்டிருந்தது இதுதான். மூட்டை வைக்க வரும்போது இந்தப் பலகை யார் கண்ணிலும் படுவதில்லை. மூட்டை எடுக்க வரும்போது மட்டும் பளிச்சென்று தெரியும். எழுதியவனை வாயாரத் திட்டிவிட்டுத்தான் உள்ளே நுழைவார்கள். அன்றைக்கு மாசக் கடைசி நாள் என்பதால் காலையிலிருந்தே திட்டு விழுந்துகொண்டிருந்தது.

அண்ணியும் தன் பங்குக்குத் திட்டிவிட்டுத்தான் வந்தாள். அவளை அண்ணி என்று கூப்பிடும் உரிமை உள்ளவன் உலகத்தில் ஒருவன்தான், அவள் புருஷனின் தம்பி. ஆனால் அவன் ஊர் கேட்கும்படி கூப்பிட்டுக் கூப்பிட்டு, கிடங்கு மேனேஜர் முதல் மூட்டை தூக்குபவர்கள் வரை எல்லோருக்கும் அவள் அண்ணி ஆகிவிட்டாள். அவனுக்கும் வீட்டில் வைத்த பேர் ஒன்று இருக்கத்தான் செய்தது. ஆனால் எல்லோருக்கும் அவன் அவசரம். எப்போதும் காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டவன்தான். சட்டைப் பித்தானைத் தெருவில் நடந்துகொண்டே போடுவான்.

அண்ணன் தம்பி இருவருக்கும் பொதுவில் நிலம், பொதுவில் உருளைக்கிழங்கு, ஆளுக்குப் பாதி. அண்ணன் மண்ணோடு பேசுகிற அளவுக்கு மனிதர்களோடு பேசுவதில்லை. அதனால் விற்பனை, வாடகை, கூலி எல்லாம் அண்ணி கையில் இருந்தது. அவள் அதை நன்றாகவே செய்தாள். நன்றாகச் செய்கிறோம் என்பதும் அவளுக்குத் தெரியும், அதுதான் கொஞ்சம் தொந்தரவு.

ஐந்து மாசத்துக்கு முன்னால் அறுவடையின்போது பெரிய கிழங்கு கிலோ பதினாலுக்குப் போனது. பொடிக்கிழங்கு எட்டுக்கு. அப்போதே விற்றிருந்தால் அவசரத்தின் பங்கு எழுபத்திரண்டாயிரம். பழைய சின்ன லோடு வண்டி ஒன்றின் மேல் அவனுக்கு உயிர். வண்டிக்காரர் தொண்ணூறாயிரத்துக்கு ஒரு காசு குறைக்க மாட்டேன் என்றார். பாக்கியை வட்டிக்கு வாங்கி வண்டியை எடுத்துவிடுகிறேன் என்று இவன் துடித்தான்.

"வட்டிக்கு வாங்கின வண்டி உனக்கு ஓடாது, வட்டிக்காரனுக்குத்தான் ஓடும்," என்றாள் அண்ணி. "கிழங்கைக் கிடங்குல வைப்போம். அஞ்சு மாசம் பொறு. கடன் இல்லாம வண்டி எடுத்துத் தர்றது என் பொறுப்பு."

"நிஜமாவா அண்ணி?"

"நான் எப்ப பொய் சொல்லியிருக்கேன்?"

அந்த ஒரு வார்த்தையில்தான் அவள் மாட்டிக்கொண்டாள்.

கணக்கு அவள் போட்டதுதான். ஐம்பது கிலோ மூட்டைக்கு மாச வாடகை இருபது. உள்ளே ஏற்றக் கூலி பத்து, வெளியே எடுக்கக் கூலி பத்து. ஐந்து மாசத்துக்கு ஆக மொத்தம் மூட்டைக்கு நூற்றிருபது. பெரிய கிழங்குக்கு அது தாங்கும். பொடிக்குத் தாங்காது. எழுநூறு பெறும் மூட்டைக்கும் நானூறு பெறும் மூட்டைக்கும் கிடங்கில் ஒரே வாடகைதான், உள்ளே இருப்பது என்ன என்று சாக்கா சொல்லும்? அதனால் பொடியை யாரும் கிடங்கில் வைப்பதில்லை. வயலிலேயே வந்த விலைக்குத் தள்ளிவிடுவார்கள். "பெரிசை மட்டும் ஏத்து. பொடி வாங்குறவர் மத்தியானம் வருவார், அவருக்குப் போட்டுட்டு வா," என்று அவள் படித்துப் படித்துச் சொல்லித்தான் அனுப்பினாள்.

மத்தியானம் வரை காத்திருப்பதாவது, அவசரமாவது. லாரியில் இடம் இருந்தது. பெரியது நூற்றறுபது மூட்டையும் ஏறிய பிறகு, பொடி எண்பது மூட்டையையும் அதே லாரியில் போட்டுக் கிடங்குக்கு அனுப்பிவிட்டான். அண்ணி வந்து பார்த்தபோது எல்லாம் குளிர் அறைக்குள் அடுக்கியாகிவிட்டது. திரும்ப எடுத்தால் ஏற்றின கூலியும் இறக்கின கூலியும் ஒரு மாச வாடகையும் தண்டம். வைத்திருந்தால் மாசாமாசம் தண்டம்.

அண்ணிக்குக் கோபம் வந்தால் சத்தம் வராது, கணக்குதான் வரும். நேரே மேனேஜர் மேஜைக்குப் போனாள். "இந்த எண்பதுக்கும் தனிக் கணக்கு, தனி லாட் போடுங்க. வாடகை, கூலி எல்லாம் இவன் தலையில. பொதுக் கணக்குல ஒரு பைசா சேர்க்கக்கூடாது."

மேனேஜர் அவசரத்தைப் பார்த்தார். அவன் தரையைப் பார்த்தான். இரண்டு லாட் ஆகிவிட்டது.

அதற்கப்புறம் அந்த எண்பது மூட்டையைப் பற்றி வீட்டில் யாரும் பேசவில்லை. அவன் லாட், அவனே விற்கட்டும் என்று இவள் இருந்தாள். ஞாபகப்படுத்தினால் திட்டு விழும் என்று அவன் இருந்தான். மூட்டைகள் பாட்டுக்குக் குளிரில் தூங்கின, வாடகை மட்டும் தூங்கவில்லை.

இப்போது மாசக் கடைசியில் அண்ணியின் கணக்கு இன்னொரு பக்கத்திலும் இடித்தது. கிலோ இருபத்திரண்டாவது போகும் என்று அவள் நம்பியிருந்த பெரிய கிழங்கு பதினெட்டில் நின்றுவிட்டது. அவளைப் போலவே ஊரெல்லாம் பொறுத்திருந்தால் வேறு என்ன ஆகும்? மொத்த வியாபாரி போனிலேயே சொல்லிவிட்டார். "பதினெட்டுக்கு மேல ஒத்த ரூபா ஏறாதுங்க. அடுத்த மாசம் புதுச் சரக்கு வருது, அப்புறம் இதுவும் கிடையாது." வண்டிக்காரரும் நாளைக்குள் பணம் வராவிட்டால் வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவதாகச் சொல்லியிருந்தார். கிடங்குக்கு வரும் வழியெல்லாம் அவள் மனசுக்குள் கூட்டிக் கழித்துப் பார்த்தாள். எப்படிக் கூட்டினாலும் தொண்ணூறு வரவில்லை.

வீட்டில் இருந்த பணத்தையெல்லாம் திரட்டி அவள் பையில் கொண்டுவந்திருந்தாள். வாடகை கட்டினால்தான் மூட்டை வெளியே வரும். பெரிய லாட்டுக்குப் பத்தொன்பதாயிரத்து இருநூறு கட்டினாள். ரசீது வாங்கிக்கொண்டு திரும்பினால் மூட்டை தூக்குபவர்களின் மேஸ்திரி தலையைச் சொறிந்துகொண்டு நின்றார்.

"அண்ணி, பெரிசு பின்னால இருக்கு. அன்னைக்கு பொடியை ஓரமா இறக்கி வச்சுட்டு பெரிசைத்தான் முதல்ல உள்ளே அடுக்கினோம். பொடி முன்னாடி சுவரு மாதிரி நிக்குது. அதை எடுத்தாத்தான் இதுக்கு வழி."

"எடுத்துட்டு திரும்ப வச்சிருங்க."

"வச்சா அழுகிடும் அண்ணி. வெளியே வந்ததும் வேர்த்திரும். வேர்த்த கிழங்கை மறுபடி குளிர்ல வச்சா மூட்டையோட போச்சு."

அது அவளுக்கும் தெரியும். தெரிந்துதான் கேட்டாள், ஒருவேளை அவர் வேறு பதில் சொல்ல மாட்டாரா என்று. பொடி லாட்டுக்கும் ஒன்பதாயிரத்து அறுநூறு கட்ட வேண்டியதாயிற்று. அவசரத்தின் பையில் டீச்செலவுக்குத்தான் காசு இருந்தது. அண்ணியே கட்டினாள், மூக்கால் அழுதுகொண்டே. "எழுதி வச்சுக்கோ, இது உன் கணக்கு," என்றாள்.

"எழுதிட்டேன் அண்ணி," என்றான் அவன், வெறுங்கையோடு.

குளிர் அறையின் கனத்த கதவு திறந்ததும் வெள்ளையாகப் புகை போல் குளிர் வெளியே வந்து காலைச் சுற்றியது. ஆட்கள் தலையில் சாக்கை மடித்துப் போட்டுக்கொண்டு உள்ளே போனார்கள். முதலில் பொடி வந்தது. ஷெட்டில் பெரிய மின்விசிறிகளுக்கு முன்னால் வரிசையாக நிறுத்தினார்கள். கொஞ்ச நேரத்திலேயே சாக்கெல்லாம் வியர்த்து ஈரமாகிவிட்டது. பின்னாலேயே பெரிய மூட்டைகளும் வரத் தொடங்கின. மேனேஜர் எண்ணிக்கையைச் சரிபார்த்துவிட்டு, இன்றைக்கே அறையைக் காலி செய்துவிட்டதால் அடுத்த மாச வாடகை இல்லை என்றும், காய்வதற்கு நாளை வரை ஷெட்டில் கிடக்கலாம் என்றும் சொன்னார். காலையிலிருந்து அவள் காதில் விழுந்த ஒரே நல்ல சேதி அதுதான்.

மொத்த வியாபாரி வந்து பெரிய கிழங்கில் கையை விட்டுப் பார்த்தார். சரக்கு நன்றாக இருந்தது. பேசின விலையே என்றார். பிறகு பொடியைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"இதை எதுக்கும்மா வச்சீங்க?"

அண்ணி கொழுந்தனைப் பார்த்தாள். அவன் மின்விசிறியைப் பார்த்தான்.

"கிலோ பத்துன்னு போட்டுக்கறேன். இதுவே உங்களுக்காக. மூணு டிகிரில கிடந்த கிழங்கு இனிக்கும், சிப்ஸ் போடுறவன் தொடமாட்டான். தோலுரிக்கற கூலி கூடத் தேறாதுன்னு ஓட்டல்காரனும் வாங்கமாட்டான்."

"குடுத்துடலாம் அண்ணி," என்றான் அவசரம் உடனே. "தொல்லை விட்டுது. இப்பவே ஏத்திடலாம்."

பத்துக்குக் கொடுத்தால் என்ன ஆகும் என்று அவளுக்கு அந்த நொடியே தெரிந்தது. எண்பது மூட்டையின் வாடகையையும் அவன் தலையில் வைத்தால் அவன் கைக்கு அறுபத்தொன்பதாயிரம்தான் வரும். அறுவடையிலேயே விற்றிருந்தால் எழுபத்திரண்டு. ஐந்து மாசம் காக்க வைத்து, மூவாயிரம் குறைத்துக் கொடுக்கும் அண்ணி உலகத்தில் இவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள். வாடகையைத் தன் தலையில் போட்டுக்கொண்டாலும் வண்டி எட்டாத தூரத்தில்தான் நின்றது. அவளுக்கு அவமானமாக இருந்தது. அவன் ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை என்பது இன்னும் அவமானமாக இருந்தது.

"ஈரத்தோட ஏத்தினா லாரிலயே வெந்துடும்," என்றாள் வியாபாரியிடம். "காயட்டும். சாயந்தரம் பேசுவோம்."

விலை பேசுவதற்கு ஈரம் ஒரு தடையே இல்லை. சரி என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை, அவ்வளவுதான்.

வெயில் சாயும் நேரத்துக்கு ஒருவர் வந்தார். முழங்கால் வரை காய்ந்த சேறு. அவரைத் தாங்கி வந்த டிராக்டரும் அதே நிறத்தில் இருந்தது. மேனேஜரிடம் ஏதோ கேட்டார், மேனேஜர் கையை விரித்தார். திரும்பிப் போகிறவர், பொடி மூட்டை ஒன்றின் வாய் தையல் விட்டிருப்பதைப் பார்த்து நின்றார். ஒரு கிழங்கை எடுத்தார். கோழிமுட்டை அளவு. கட்டைவிரலால் அதன் கண்களைத் தடவினார். ஊசிமுனை அளவுக்கு வெள்ளையாக முளை எட்டிப் பார்த்தது.

"இது யாரோடது?"

"என்னோடதுங்க," என்றான் அவசரம், திட்டத்தான் கேட்கிறார் என்று நினைத்துக்கொண்டு.

"குடுக்கற மாதிரி இருக்கா?"

அண்ணி அதற்குள் பக்கத்தில் வந்துவிட்டாள். "எதுக்குக் கேக்கறீங்க?"

"விதைக்கும்மா. நாலு கிடங்கு அலைஞ்சுட்டேன். எல்லா இடத்துலயும் பெரிசுதான் இருக்கு. பொடியை அறுவடையிலயே எல்லாரும் தள்ளிட்டாங்க. பெரிசை வெட்டி நட்டா எங்க ஈர மண்ணுல வெட்டுவாய் அழுகிடுது. முழுசா நடுற அளவுல ஒருத்தர்கிட்டயும் இல்ல."

அண்ணி கொழுந்தனைத் திரும்பிப் பார்த்தாள். ஊரே தள்ளிவிட்ட பொடி. ஊரிலேயே வாடகை கட்டிப் பொடியை வைத்த ஒரே முட்டாள் தன் கொழுந்தன்.

அவர் அதற்குள் சந்தேகப்பட ஆரம்பித்தார். "முளைக்காம இருக்க மருந்துப் புகை போட்டாங்களா? போட்டிருந்தா விதைக்கு ஆகாது."

மூன்று பேரும் மேனேஜரைப் பார்த்தார்கள். மேனேஜர் மெதுவாக மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார். அவர் அதைப் போட்டு முடிப்பதற்குள் அண்ணிக்கு ஒரு வயசு கூடிவிட்டது.

"புகை அந்தப் பக்கத்து அறைக்கு மட்டும்தாங்க, சிப்ஸ் கம்பெனி சரக்கு இருக்கிற அறை. இது வெறும் மூணு டிகிரி குளிர்தான்."

வந்தவர் இடுப்பிலிருந்து கத்தியை எடுத்தார். அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பத்துப் பன்னிரண்டு கிழங்கை இரண்டாக அறுத்துப் பார்த்தார். உள்ளே எங்கேயும் பழுப்பு வளையம் இல்லை. வெண்ணெய் போல் சுத்தமாக இருந்தது.

"கிலோ இருபது தர்றேன்."

"சரி," என்று அவசரம் வாயைத் திறப்பதற்குள் அண்ணி அவன் காலை மிதித்தாள். நன்றாகவே மிதித்தாள்.

"விதைன்னு சொல்றீங்க, விலை மட்டும் சமையலுக்குச் சொல்றீங்களே," என்றாள். "இன்னும் நாலு கிடங்கு அலையணும்னா டீசல் செலவு என்ன ஆகும்னு பாருங்க. இருபத்தெட்டு."

பேரம் ஒரு டீ குடிக்கும் நேரம் நடந்தது. இருபத்திரண்டுக்கு அவர் ஏறினார், இருபத்தாறுக்கு இவள் இறங்கினாள். அவர் டிராக்டர் வரைக்கும் போய் ஏறி உட்கார்ந்தார். ஆனால் கிளப்பவில்லை. அண்ணியும் கூப்பிடவில்லை, காய்ந்த மூட்டையையும் ஈர மூட்டையையும் தடவிப் பார்ப்பதுபோல் நின்றாள். அவசரத்துக்குத்தான் உயிர் போய்ப் போய் வந்தது. கடைசியில் அவர் இறங்கி வந்து இருபத்துநாலு என்றார். முடிந்தது.

மறுநாள் காலை எடைமேடையில் பெரியதைப் போட்டார்கள். மூட்டைக்கு இரண்டு கிலோ குறைந்திருந்தது. ஐந்து மாசத்தில் கிழங்கும் கொஞ்சம் மூச்சு விட்டிருக்குமே. ஏழாயிரத்து அறுநூற்று எண்பது கிலோ, பதினெட்டு மேனி ஒரு லட்சத்து முப்பத்தெட்டாயிரத்து இருநூற்று நாற்பது. பொடியும் அதே மாதிரி இளைத்திருந்தது. மூவாயிரத்து எண்ணூற்று நாற்பது கிலோ, இருபத்துநாலு மேனி தொண்ணூற்றிரண்டாயிரத்து நூற்றறுபது. எண்பது மூட்டை பொடி! மொத்த வியாபாரி லாரியில் ஏறும்போது அந்தப் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டுப் போனார்.

மேனேஜர் அறையில் ஓரத்து மேஜையை ஒதுக்கிக் கொடுத்தார்கள். அண்ணி பணத்தை எண்ணத் தொடங்கினாள். அவசரத்துக்கு உட்கார முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. சந்தோஷத்தில் வாய் சும்மா இருக்குமா?

"ஏன் அண்ணி, பொடியோட வாடகை என் தலையிலன்னு சொன்னீங்கல்ல. அப்ப பொடி வித்த காசும் என் தலையிலதானே?"

விளையாட்டுக்குத்தான் சொன்னான். ஆனால் அண்ணியின் கை நின்றுவிட்டது. மேனேஜரும் பேனாவை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார். தனி லாட் போடச் சொன்னது அவள். பொதுவில் ஒரு பைசா சேர்க்கக்கூடாது என்று சொன்னதும் அவள். நட்டம் அவனுடையது என்று அன்றைக்குச் சொன்ன வாய், லாபம் பொது என்று இன்றைக்கு எப்படிச் சொல்லும்? அப்படிப் பார்த்தால் அவனுக்கு ஒன்றரை லட்சத்துக்குப் பக்கம் போகும். தங்கள் வீட்டுக்கு அறுபதாயிரம்கூட மிஞ்சாது. அவள் புருஷன் ஒன்றும் கேட்க மாட்டார், அதுதான் கஷ்டம்.

அவள் எண்ணின கட்டைக் கலைத்துவிட்டு மறுபடியும் எண்ணினாள். ஒரு பெரிய கட்டையும் ஒரு சின்னக் கட்டையும் வைத்தாள். பெரியதை அவன் பக்கம் தள்ளினாள்.

"நீ சொல்றது சரிதான். எடுத்துக்க."

அவசரத்தின் முகம் செத்துவிட்டது. "அண்ணி, நான் சும்மா சொன்னேன்."

"நான் சும்மா சொல்லல. அன்னைக்கும் சும்மா சொல்லல. எண்பது மூட்டையும் உன்னோடதுன்னு நாலு பேர் முன்னாடி சொன்னேன். அஞ்சு மாசமா மனசுக்குள்ள உன்னைத் திட்டிட்டே இருந்தேன். நீ பண்ணின தப்புதான் இன்னைக்கு உனக்கு வண்டி ஆச்சு. நான் போட்ட கணக்குல ஆகல." அவளுக்குத் தோற்றுப் பழக்கமில்லை.

அவன் கட்டைத் தொடவில்லை. வாழ்க்கையிலேயே முதல் தடவையாக அவன் யோசித்துப் பேசியதை மேனேஜர் சாட்சியாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நேத்து அந்த எண்பதுக்கு வாடகை யார் கட்டினது?"

"அது வேற."

"என்ன வேற? ஏத்துக்கூலி, இறக்குகூலி, அஞ்சு மாச வாடகை, எல்லாம் நீங்க கட்டினீங்க. என் பையில என்ன இருந்துச்சுன்னு உங்களுக்கே தெரியும். கட்டினவங்களோடதுதான் சரக்கு. அப்படிப் பார்த்தா பொடி மொத்தமும் உங்களோடது. எனக்கு அதுல ஒண்ணும் இல்ல." பெரிய கட்டை மேஜையில் மறுபடி இந்தப் பக்கம் வந்தது. "நேத்து அந்த வியாபாரிக்குப் பத்துக்குக் குடுத்துடலாம்னு சொன்னதும் நான்தான். நீங்க காயட்டும்னு சொல்லலைன்னா அந்த டிராக்டர்காரர் வரும்போது இங்க வெறும் சாக்குத் தூசிதான் இருந்திருக்கும்."

"சரக்கை வச்சது நீ."

"வித்தது நீங்க."

"பேச்சை வளர்க்காத. எடுத்துக்கன்னா எடுத்துக்க."

"மாட்டேன்."

கட்டு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இரண்டு தரம் போய் வந்தது. கிடங்கு மேஜையில் பணத்துக்குச் சண்டை போடுபவர்களை மேனேஜர் எத்தனையோ பார்த்திருக்கிறார். வேண்டாம் என்று சண்டை போடுபவர்களை இப்போதுதான் பார்க்கிறார். அவருக்கும் வேலை இருந்தது.

"ரெண்டு கட்டையும் ஒண்ணா சேருங்க," என்றார். "வாடகையைக் கழிங்க. பாதியா வெட்டுங்க. வெளியில மூணு பேர் காத்திருக்காங்க."

சேர்த்தாள். இருபத்தெட்டாயிரத்து எண்ணூறைத் தன் பைக்கு எடுத்துக்கொண்டாள். மீதியைப் பாதியாக்கினாள். ஆளுக்கு ஒரு லட்சத்து எண்ணூறு. அவசரம் தன் பங்கை எண்ணாமல் சட்டைக்குள் திணித்துக்கொண்டான். தொண்ணூறு வண்டிக்கு. மிச்சத்துக்கு அதற்குள் ஆயிரம் யோசனை அவன் கண்ணில் ஓடிக்கொண்டிருந்தது.

மேனேஜர் அடுத்த பருவத்துக்கான முன்பதிவுத் தாளை நீட்டினார். "எத்தனை மூட்டைக்கு இடம் போடணும் அண்ணி? பொடி உண்டா?"

"உண்டு," என்றாள் அவள். "ஒரே லாட்டாப் போடுங்க."

"யார் பேருல?"

அண்ணி கொழுந்தனைப் பார்த்தாள். அவன் வாசலில் ஒரு காலும் உள்ளே ஒரு காலுமாக நின்றான், ஆனாலும் போகாமல் அவள் பதிலுக்காகக் காத்துக்கொண்டிருந்தான்.

"எங்க வீட்டுப் பேருல," என்றாள்.